21 நாளில் கையில் கிடைக்கும் ஆறு நாள்: கீமோ சுற்றை வைத்து வேலையையும் வீட்டையும் திட்டமிடுவது

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து நான்கு வாரம் ஆனதும் டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: முதலில் ஏசி என்ற இரண்டு கீமோ மருந்துகளின் கூட்டு நான்கு தடவை, அப்புறம் டோசிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்து நான்கு தடவை, 21 நாளுக்கு ஒரு முறை. முதல் கீமோ 2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை. தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "நவம்பர் 23-ல கல்யாணம் இருக்கே, நான் போகலாமா?" அண்ணன் மகளின் கல்யாணம். இரண்டாவது கேள்வி வேலையைப் பற்றி. அக்கா தஞ்சாவூரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறார். சிகிச்சை திருச்சியில்.

அன்று எங்களிடம் பதில் இல்லை. எட்டு சுற்று முடித்த பிறகு இப்போது இருக்கிறது. புதிதாக இந்தத் தாளை வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். மருந்தையும் அளவையும் உங்கள் டாக்டர்தான் முடிவு செய்வார். அவர் தரும் தேதிகளைச் சுற்றி வாழ்க்கையை எப்படி அடுக்குவது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஏன் 21 நாள்

இது தெரியாமல் திட்டம் போட்டால் தப்பாகத்தான் போடுவோம். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் செல்களும் வேகமாகப் பெருகுபவைதான். அவையும் அடி வாங்குகின்றன. ஆனால் ரத்தத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்கள் உடனே தீர்ந்துவிடாது. இருப்பு தீர்ந்து, புதிய சரக்கு வராத இடைவெளி கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரியும். ஏசி போன்ற மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை எண்ணிக்கை அடிமட்டத்தில் இருக்கும். பிறகு மஜ்ஜை மீண்டு, மூன்றாவது வாரக் கடைசியில் அடுத்த மருந்தைத் தாங்கும் அளவுக்கு ஏறும். அந்த மீட்சிக்காகத்தான் 21 நாள்.

இதில் புதியவர்கள் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. உடம்பு எப்படி உணர்கிறது என்பதும் ரத்தத்தில் எண்ணிக்கை எவ்வளவு என்பதும் ஒரே நேரத்தில் இறங்கி ஏறுவதில்லை. முதல் வாரத்தில் வாந்தி, அசதி, வாயில் ருசியே இல்லை. ஆனால் அணுக்கள் இன்னும் ஓரளவு இருக்கும். ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் வரும்போது பசி திரும்பும், முகம் தெளியும், "இப்போ நல்லா இருக்கேன், கோயிலுக்குப் போய்ட்டு வரலாம்" என்று தோன்றும். அன்றுதான் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைவு.

ஆக முதல் வாரம் படுக்கை வாரம். இரண்டாவது காவல் வாரம். மூன்றாவதுதான் நம்முடையது. அதிலும் கடைசி நாள் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடும். பதினைந்தாம் நாளிலிருந்து இருபதாம் நாள் வரை ஆறு நாள் கையில் நிற்கும். கூட்டம், பயணம், விருந்தாளி, அலுவலகத்தில் நேரில் இருந்தே ஆகவேண்டிய வேலை எல்லாவற்றையும் அந்த ஆறு நாளுக்குள் வைக்கப் பாருங்கள்.

முதல் வேலை: எந்தக் கிழமை என்று கேட்டு வாங்குவது

மருந்து ஏறும் நாளை முதல் நாள் என்று எண்ணவேண்டும். அடுத்த சுற்று 22-ம் நாள், அதாவது சரியாக மூன்று வாரம் கழித்து அதே கிழமை. தள்ளிப்போகாத வரை கிழமை மாறாது. அதனால் முதல் தேதியைக் குறிக்கும்போதே கிழமையைப் பற்றிப் பேசிவிடுங்கள். கீமோ ஏற்றும் டே கேர் பிரிவில் இடம் இருந்தால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். ஆனால் கேட்டால்தான் தருவார்கள்.

எங்களுக்கு வியாழன் வசதியாக இருந்தது. காரணம் இது. வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் முதல் இரண்டு மூன்று நாளுக்கு இருக்கும். அது இருக்கும்வரை ஆள் ஒரு மாதிரி தெம்பாக இருப்பார், தூக்கம்தான் வராது. அது நின்றதும் நான்காம், ஐந்தாம் நாளில் உடம்பு அப்படியே சரியும். கீமோ அன்று தாங்குகிறாரே என்று நினைத்து, நான்காம் நாள் விழுவதைப் பார்த்துப் பதறுபவர்கள் நிறையப் பேர். வியாழன் மருந்து என்றால் அந்தச் சரிவு ஞாயிறும் திங்களும். ஞாயிறு வீட்டில் எல்லோரும் இருப்போம், அக்காவுக்கும் ஒரு விடுப்பு மிச்சம். கையில் கிடைக்கும் ஆறு நாளும் வியாழன் தொடங்கி செவ்வாய் வரை வரும். நடுவில் ஒரு முழு சனி, ஞாயிறு.

வார இறுதியில் ஆட்கள் ஊருக்குப் போய்விடும் வீடாக இருந்தால் கணக்கு மாறும். சரிவு நாளில் பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கிழமையை எடுங்கள்.

எட்டுச் சுற்றையும் ஒரே தாளில் போடுவது

காலண்டரில் அடுத்த தேதியை மட்டும் வட்டமிட்டு வைப்பது போதாது. மாதம் 30 நாள், சுற்று 21 நாள். இரண்டும் ஒன்றோடொன்று சேராது. அக்காவின் கடையில் ஜிஎஸ்டி வேலை மாதாமாதம் 11-ம் தேதியையும் 20-ம் தேதியையும் ஒட்டி வரும். செப்டம்பரில் 20-ம் தேதி 17-ம் நாளாக இருந்தது, நல்ல நாள். போட்ட திட்டப்படி அக்டோபர் 20 பார்த்தால் மூன்றாவது சுற்றின் ஐந்தாம் நாள். அதுவும் தீபாவளி. ஒரு மாதம் சரியாக வந்ததே என்று அடுத்த மாதத்தை நம்பக் கூடாது.

எட்டுத் தேதியையும் முதல் நாளே வரிசையாக எழுதிவிடுங்கள். கணினியில் எக்செல் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. A2-ல் முதல் கீமோ தேதி. A3-ல் கீழே உள்ளதைப் போட்டு A9 வரை இழுத்துவிடுங்கள்:

```
=A2+21
```

விசேஷம், கெடு, பிள்ளையின் பரீட்சை என்று உங்களுக்கு முக்கியமான தேதிகளை D2-லிருந்து கீழே எழுதுங்கள். அது சுற்றின் எத்தனையாவது நாள் என்று E2-ல் தெரிந்துகொள்ள:

```
=D2-LOOKUP(D2,A$2:A$9)+1
```

விடை தேதி மாதிரித் தெரிந்தால் அந்தக் கட்டத்தை எண்ணாக மாற்றுங்கள். 15 முதல் 20 வரை வந்தால் பச்சை, 7 முதல் 14 வரை வந்தால் சிவப்பு, 1 முதல் 6 வரை வந்தால் சாம்பல் என்று நாங்கள் வண்ணம் அடித்தோம். சிவப்பும் சாம்பலும் ஒன்றல்ல என்பதற்காகத்தான் தனித்தனி வண்ணம். சாம்பல் நாளில் அக்காவால் முடியாது. சிவப்பு நாளில் முடியும், ஆனால் கூடாது. வீட்டில் உள்ளவர்கள் குழப்பிக்கொள்வது இந்தச் சிவப்பைத்தான்.

இந்தத் தாளின் உண்மையான பயன் ஒரு சுற்று தள்ளிப்போகும்போது தெரியும். தள்ளிப்போன புதுத் தேதியை அந்தக் கட்டத்தில் நேரடியாக எழுதினால் கீழே உள்ளவை எல்லாம் தானாக நகரும். கணினி இல்லாவிட்டால் பென்சிலில் எழுதுங்கள். பேனா வேண்டாம்.

தள்ளிப்போவதை முன்கூட்டியே எப்படி அறிவது

ஒவ்வொரு கீமோவுக்கும் ஒன்றிரண்டு நாள் முன்னால் ரத்தப் பரிசோதனை உண்டு. அதில் நியூட்ரோபில் என்ற வகை வெள்ளை அணு எவ்வளவு என்பதுதான் அடுத்த நாளைத் தீர்மானிக்கும் முக்கியமான எண். சில ரிப்போர்ட்டில் அது நேரடியாக இருக்காது, நாமே கணக்குப் போடலாம். மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையை நியூட்ரோபில் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுக்கவேண்டும். பல மருத்துவமனைகளில் இது 1,500-க்கு மேல் இருக்கவேண்டும், தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டும் என்று பார்ப்பார்கள். சில டாக்டர்கள் நியூட்ரோபில் 1,000 இருந்தாலே சம்மதிப்பதுண்டு. உங்கள் டாக்டரின் எல்லை என்ன என்று முதல் சுற்றிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சுற்று அக்டோபர் 16-ல். 15-ம் தேதி புதன்கிழமை தஞ்சாவூரிலேயே ரத்தம் கொடுத்தோம். மொத்தம் 2,400, நியூட்ரோபில் 38 சதவீதம். பெருக்கினால் 912. ரிப்போர்ட்டைப் போனில் அனுப்பினோம், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று பதில் வந்தது. சொந்த ஊரில் பரிசோதனை செய்துகொண்டதால் திருச்சிக்கு வீண் பயணமும் எனக்கு ஒரு நாள் விடுப்பும் மிச்சம். உள்ளூர்ப் பரிசோதனைக்கூடத்தின் ரிப்போர்ட்டை ஏற்றுக்கொள்வார்களா என்று உங்கள் மருத்துவமனையில் கேளுங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் அனுமதி வாங்கும் இடங்கள் உண்டு. தேதி மாறினால் அந்த மேசைக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

அடுத்த புதன் 22-ம் தேதி மறுபடி பார்த்ததில் மொத்தம் 4,300, நியூட்ரோபில் 61 சதவீதம், ஆக 2,623. மறுநாள் 23-ம் தேதி மருந்து ஏறியது.

தாளில் எழுதிய தேதியை மாற்றினோம். மூன்றாவது சுற்று ஒரு வாரம் நகர்ந்ததால் தீபாவளி, இரண்டாவது சுற்று முடிந்து காத்திருந்த வாரத்தில் விழுந்தது. அக்கா உட்கார்ந்து அதிரசத்துக்குப் பாகு பதம் பார்த்தார். ஆனால் கல்யாணம்? பழைய கணக்கில் நான்காவது சுற்று நவம்பர் 6, கல்யாணம் 18-ம் நாள். பச்சை. புதுக் கணக்கில் நான்காவது சுற்று நவம்பர் 13, கல்யாணம் 11-ம் நாள். நடுச் சிவப்பு.

விசேஷம் சிவப்பில் விழுந்தால்

இங்கேதான் பலரும் தாமதமாகப் பேசுகிறார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய்க் கேட்டால் டாக்டரால் "வேண்டாம்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஒரு சுற்று முன்னதாகவே கேட்டால் அவர் கையில் சில வழிகள் இருக்கும். அக்டோபர் 23 அன்றே அக்கா கேட்டார்.

நான்காவது சுற்றைக் கல்யாணத்துக்குப் பிறகு வைக்கலாமா என்று முதலில் பேசினோம். இரண்டு மூன்று நாள் என்றால் யோசிக்கலாம், ஏற்கெனவே ஒரு வாரம் போயிருக்கிறது, இன்னும் பத்து நாள் தள்ள வேண்டாம் என்றார் டாக்டர். குணப்படுத்தும் நோக்கத்தில் கொடுக்கும் கீமோவில் இடைவெளியை நாமாக நீட்டிக்கொண்டே போவதை டாக்டர்கள் விரும்புவதில்லை. நீங்களும் நீங்களாகத் தேதியை மாற்றாதீர்கள். முன்னால் இழுக்கவும் கேட்காதீர்கள். மஜ்ஜை மீளும் முன் அடுத்த மருந்து ஏறினால் சரிவு இன்னும் ஆழமாகும்.

இரண்டாவது வழி ஊசி. எண்ணிக்கை குறைந்து ஒரு முறை தள்ளிப்போனதால், மூன்றாவது சுற்றிலிருந்தே வெள்ளை அணுக்களைத் தூண்டும் பெக்ஃபில்கிராஸ்டிம் ஊசியைச் சேர்த்திருந்தார். மருந்து ஏறி 24 மணி நேரம் கழித்துப் போடும் ஊசி அது. போட்டால் எண்ணிக்கையின் இறக்கம் குறையும், ஏற்றமும் சீக்கிரம் தொடங்கும். அதனால் 11-ம் நாள் நாங்கள் பயந்த அளவுக்கு மோசமாக இல்லாமல் போகலாம், முந்தின நாள் ரத்தம் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார்.

நவம்பர் 22 சனிக்கிழமை ரத்தம் கொடுத்தோம். மொத்தம் 5,200, நியூட்ரோபில் 58 சதவீதம். மூவாயிரத்துக்கு மேல். டாக்டரிடம் கேட்டு, சில ஒழுங்குகளோடு அனுப்பினோம். முந்தின நாள் மாலை வரவேற்புக்கு அக்கா போகவில்லை. கூட்டம் அதில்தான் அதிகம், குளிரூட்டிய மண்டபம் வேறு. மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு மட்டும், முகக்கவசத்தோடு, மேடைக்கு அருகே ஓரமாக ஒரு நாற்காலி. அண்ணியிடம் முன்பே சொல்லி வைத்ததால் யாரும் கட்டிப்பிடிக்க வரவில்லை. பந்தியில் உட்காராமல் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிட்டார். ஒரு மணி நேரம்தான். தாலி கட்டும்போது அட்சதை போட்டார், அது போதும் அவருக்கு.

ரிப்போர்ட் 912 என்று வந்திருந்தால் போயிருக்க மாட்டார். அதையும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். வீடியோவில் பார்ப்பது, மணமக்கள் மறுவாரம் வீட்டுக்கு வந்து ஆசி வாங்குவது என்று. இரண்டு பதிலுக்கும் ஏற்பாடு இருந்ததால் அந்தச் சனிக்கிழமை ரிப்போர்ட் வரும்வரை அக்கா அமைதியாக இருந்தார்.

வேலையிடத்தில் என்ன சொல்வது

தேதிகளைக் கொடுக்காதீர்கள், நாள் எண்ணைக் கொடுங்கள். தேதி ஒரு முறை மாறினால் "அன்னைக்கு வர்றேன்னு சொன்னீங்களே" என்ற பேச்சு வரும். அக்கா முதலாளியிடம் சொன்னது இப்படி: "மருந்து ஏறும் நாளையும் சேர்த்து ஆறு நாள் நான் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏழிலிருந்து பதினாலு வரை வீட்டிலிருந்து பார்க்கிறேன், கடைக்கு வரமாட்டேன். பதினைந்திலிருந்து இருபது வரை கடையில் இருப்பேன். ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் மாலை, மருந்து உண்டா இல்லையா என்று போன் செய்கிறேன்."

கூடவே ஒன்று கேட்டார். கெடுவுள்ள எந்த வேலையும் அவர் பெயரில் மட்டும் இருக்கக் கூடாது. பில்களைப் பதிவு செய்வது, பாக்கி சரிபார்ப்பது போல நாள் கணக்கில்லாத வேலை அவருக்கு, தேதிக்குள் தாக்கல் செய்யவேண்டியது இன்னொருவருக்கு. நவம்பர் 20 எட்டாம் நாளாக விழுந்தபோது இந்த ஏற்பாடுதான் கைகொடுத்தது.

முதல் சுற்றிலேயே இந்த அட்டவணையை முடிவாகச் சொல்லிவிடாதீர்கள். முதல் 21 நாளும் ஒரு நோட்டில் தினம் இரண்டு வரி எழுதுங்கள்: தூக்கம், சாப்பாடு, எத்தனை மணி வரை உட்கார முடிந்தது. ஒவ்வொருவருக்கும் சரிவு நாள் ஒன்றிரண்டு நாள் முன்பின் இருக்கும். அக்கா ஏழாம் நாளே எழுந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒன்பதாம் நாள்வரை முடியவில்லை. உங்கள் சொந்த நோட்டுதான் இரண்டாவது சுற்றிலிருந்து உங்கள் அட்டவணை. ஒரே மருந்து தொடரும்வரை அது ஓரளவு அப்படியே திரும்பும். ஆனால் களைப்பு சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். ஆறாவது, ஏழாவது சுற்றில் கடையில் முழு நாள் உட்காரும் திட்டம் வேண்டாம், அரை நாள் போதும்.

கூட இருப்பவரின் விடுப்பையும் எண்ணுங்கள். நான் போட்ட முதல் கணக்கு எட்டுச் சுற்றுக்கு எட்டு நாள். இது தப்பு. மருந்து ஏறும் நாள் ஒன்று, மறுநாள் ஊசிக்கு ஒன்று, சரிவு நாளில் ஒன்று என்று மூன்று ஆகும். ஊசிக்கான நாளை மிச்சப்படுத்தலாம். ஊசியை வாங்கிக் குளிர்ப்பையில் வைத்து எடுத்து வந்து, வீட்டு ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் இல்லாமல் உள்தட்டில் வைத்து, பக்கத்து கிளினிக் நர்ஸ் மூலம் போட்டுக்கொண்டோம். ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஊசி போட்ட பிறகு இடுப்பிலும் முதுகிலும் எலும்பு வலி இரண்டு நாள் இருக்கலாம். புது நோய் என்று பயப்பட வேண்டாம். வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் வாரத்தில் வீடு

இந்த ஒரு வாரத்துக்கு ஒரே சட்டம்: டெம்பரேச்சர் 100.4 பாரன்ஹீட் தொட்டால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டும். வெள்ளை அணு இல்லாத நேரத்தில் வரும் தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். நரம்பு வழியாக ஆண்டிபயாட்டிக் சீக்கிரம் தொடங்கவேண்டும். காலையில் பார்க்கலாம் என்பது இந்த வாரத்தில் இல்லை. உடம்பு சுடுகிறது என்று தோன்றியதும் பாராசிட்டமால் போட்டுவிடாதீர்கள். காய்ச்சல் மறைந்துவிடும், தொற்று அப்படியே இருக்கும். முதலில் தெர்மாமீட்டர், அப்புறம் போன். குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் போன் செய்யுங்கள்.

அதனால் 7 முதல் 14 வரை வீட்டில் ஓர் ஆள் வண்டியோடு ஊரில் இருக்கவேண்டும். இதையும் தாளில் எழுதினோம்: எந்த இரவு யார். இரவில் திருச்சிவரை போகத் தேவையில்லாமல் உடனே சேர்க்கக்கூடிய உள்ளூர் மருத்துவமனை எது என்றும் டாக்டரிடமே கேட்டு வைத்தோம். கடைசி கீமோவின் மருந்துப் பெயர், தேதி, டாக்டரின் எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி அக்காவின் பையிலேயே வைத்திருந்தோம். இரவுப் பணியில் இருக்கும் புது டாக்டருக்கு அந்த அட்டையைக் காட்டினால் நிலைமை உடனே புரியும்.

பிள்ளைகளுக்குச் சளி, காய்ச்சல் என்றால் அந்த வாரம் அவர்கள் வேறு அறையில், அல்லது எங்கள் வீட்டில். அம்மை போட்டவர்கள் இருக்கும் வீட்டுக்கு எந்த வாரமும் போக வேண்டாம். பல் பிடுங்குவது, பல் சுத்தம் செய்வது எல்லாம் இந்த வாரத்தில் கூடவே கூடாது. அவசியம் என்றால் கீமோ டாக்டரைக் கேட்டு, எண்ணிக்கை பார்த்து, மூன்றாவது வாரத்தில்.

மருந்து மாறும்போது தாளும் மாறும்

ஐந்தாவது சுற்றில் டோசிடாக்செல் வந்ததும் பழைய நோட்டு பாதிதான் பயன்பட்டது. வாந்தி குறைந்தது, கை கால் வலியும் விரல் மரத்துப் போவதும் வந்தன. திட்டத்துக்கு முக்கியமான மாற்றம் வேறு. இந்த மருந்துக்கு டெக்சாமெத்தசோன் மாத்திரையை முந்தின நாளே தொடங்கவேண்டும். ஒவ்வாமையையும் உடலில் நீர் கோப்பதையும் குறைக்க அது தேவை. மறந்துவிட்டால் அன்று மருந்து ஏறாமல் திரும்ப வேண்டியிருக்கலாம். அதனால் ரத்தப் பரிசோதனையைப் புதனிலிருந்து செவ்வாய்க்கு மாற்றினோம். சுற்று உண்டு என்று தெரிந்த பிறகுதானே மாத்திரையைத் தொடங்க முடியும்! கையிலிருந்த ஆறு நாள் இதனால் ஐந்தானது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை நாட்களில் சர்க்கரை ஏறும். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரிடமும் தேதிகளைக் கொடுங்கள்.

விடுமுறை நாட்களையும் அப்போதுதான் கவனித்தோம். டிசம்பர் 4-க்குப் பிறகு வருவது 25, கிறிஸ்துமஸ். டே கேர் இல்லை, 26-க்குப் போனது. அங்கிருந்து 21 நாள் எண்ணினால் ஜனவரி 16. பொங்கல் விடுமுறை, ஞாயிறு வரை. ஆக 19, திங்கள். வியாழன் என்று பழகிய வீடு திங்களுக்கு மாறியதில் சரிவு நாள் வியாழன், வெள்ளியில் விழுந்தது. எனக்குக் கூடுதலாக இரண்டு நாள் விடுப்பு. சுற்றுத் தேதிகளோடு அரசு விடுமுறைப் பட்டியலையும் முதலிலேயே ஒப்பிட்டிருந்தால், ஒரு மாதம் முன்பே இது தெரிந்திருக்கும்.

இன்னொன்று. 21 நாள் என்று எழுதியிருக்கும் எல்லாச் சிகிச்சைக்கும் இந்த மூன்று வார வடிவம் பொருந்தாது. கேப்சிடபின் மாத்திரை பொதுவாகப் பதினான்கு நாள் சாப்பிட்டு ஏழு நாள் நிறுத்துவது. அதில் வயிற்றுப்போக்கும் கை கால் எரிச்சலும் பெரும்பாலும் மாத்திரை சேரச் சேர வரும், முதல் நாள்களில் இல்லை. ஹெர்2 என்ற வகை மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு வருடம் கொடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியும் 21 நாளுக்கு ஒரு முறைதான். ஆனால் அது தனியாகப் போகும்போது வெள்ளை அணுக்களைக் கீமோ போல இறக்காது, அந்த ஒரு நாள் மட்டும் விடுப்பு எடுத்து மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் பலர். எந்த மருந்து, எந்த நாளில் என்ன வரும் என்று கேட்டுவிட்டு வண்ணம் அடியுங்கள்.

எட்டாவது சுற்றுக்குப் பிறகு

கடைசி மருந்து ஏறிய அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஆனால் எட்டாவது சுற்றுக்கும் 21 நாள் உண்டு, அதற்கும் காவல் வாரம் உண்டு. கடைசித் தேதிக்கு மறுவாரமே குலதெய்வக் கோயிலுக்கு வேன் பேசிவிடாதீர்கள். மூன்றாவது வாரத்துக்குப் பேசுங்கள்.

அடுத்து கதிர் சிகிச்சை என்றால், பெரும்பாலும் மூன்று நான்கு வாரம் இடைவெளி விட்டுத் தொடங்குவார்கள். அதன் கணக்கு முற்றிலும் வேறு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போகவேண்டும், பல இடங்களில் மார்பகத்துக்கு 15 நாள். ஒரு நாளில் ஆகும் நேரம் குறைவு, ஆனால் தினமும் தஞ்சாவூரிலிருந்து திருச்சி. நாங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்தில் மூன்று வாரத்துக்கு அறை எடுத்தோம். அந்த அறையை எட்டாவது சுற்றின் பதினைந்தாம் நாள் போய்ப் பார்த்துப் பேசி முடித்தோம். அக்காவும் கூட வந்திருந்தார்.